இறைக்க இறைக்க எழும்பும் மணல்: ஆற்றுக்குள் பாலத்தூண் கட்டும் காஃபர்டேம்

இடுப்பளவு தண்ணீர்தான் ஓடுகிறது. அதற்குள் ஒரு தூண் கட்ட ஏன் இவ்வளவு இரும்பு, இவ்வளவு பம்பு, இவ்வளவு மாதம்? ஆற்றுப்பாலப் பணி தாமதம் என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள்: அடைப்புக்குள் தண்ணீர் ஏறினால் பெரிய பம்பாகப் போட்டு இறைத்துவிடலாமே?

கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்கு விடை பாதி தெரியும். ஒரு முழம் தோண்டினால் அடியிலிருந்து தண்ணீர் சுரக்கும். அதை மெதுவாக மொண்டால் தெளிந்த நீர் கிடைக்கும். அவசரப்பட்டு அள்ளினால் அடிமணல் கலங்கி மேலே எழும்பும், பக்கமணல் சரிந்து விழும், தோண்டிய ஆழம் குறைந்துகொண்டே போகும். தோல்வியடையும் காஃபர்டேமுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. அங்கே ஆழம் ஐந்து மீட்டர், உள்ளே ஆட்கள் நிற்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

## காஃபர்டேம் என்பது என்ன

ஆற்றுக்குள் ஓர் இடத்தைச் சுற்றி வளைத்து, உள்ளே இருக்கும் நீரை இறைத்து, உலர்ந்த தரையில் வேலை செய்ய வழிசெய்யும் தற்காலிக அடைப்புதான் காஃபர்டேம். முழங்காலளவு நீருக்கு மணல்மூட்டையும் களிமண்ணும் கொண்டு வட்டமாக வரப்பு கட்டினாலே போதும், ரிங் பண்ட் என்பது அதுதான். ஆனால் தூணின் அடித்தளம் ஆற்றுப்படுகைக்குக் கீழே போக வேண்டுமென்றால் வரப்பு போதாது. நீர் வரப்பைத் தாண்ட வேண்டியதில்லை, அதற்கு அடியில் இருக்கும் மணல் வழியாகவே வந்துவிடும். அப்போதுதான் ஷீட் பைல் தேவைப்படுகிறது. இவை நீளமான, மடிப்புள்ள எஃகுத் தகடுகள். ஒன்றின் ஓரம் அடுத்ததன் ஓரத்தில் கொக்கிபோலப் பூட்டிக்கொள்ளும். இவற்றை வரிசையாக மணலுக்குள் இறக்கி ஒரு பெட்டி அமைப்பார்கள்.

கொள்ளிடம் போன்ற ஆழமான மணல் படுகையுள்ள ஆற்றை மனதில் வைத்து ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் அளவு, எந்தக் குறிப்பிட்ட பாலத்தின் வரைபடமும் அல்ல.

1. ஆற்றில் நீர் 2 மீட்டர்.
2. பைல் கேப்புக்காகப் படுகைக்குக் கீழே 3 மீட்டர் தோண்ட வேண்டும். பைல் கேப் என்பது ஆழ்துளைத் தூண்களின் தலைகளை இணைக்கும் தடித்த கான்கிரீட் பலகை.
3. அடைப்பின் அளவு 8 மீட்டருக்கு 12 மீட்டர், அதாவது 96 சதுர மீட்டர்.

வெளியே நீர்மட்டம், உள்ளே தோண்டிய தரை. இரண்டுக்கும் இடையே 5 மீட்டர் வேறுபாடு. ஆறு ஆழமற்றதுதான், ஆனால் அடைப்பு தாங்க வேண்டியது 2 மீட்டர் நீரை அல்ல, 5 மீட்டர் நீரை. பலர் தவறவிடும் முதல் இடம் இதுதான்.

## தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பூட்டுகளின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வரும். பார்க்கப் பயமாக இருக்கும், தகட்டில் கோடு கோடாக வழியும். ஆனால் இதைச் சமாளிப்பது எளிது. வெளிப்பக்கத்தில் பூட்டை ஒட்டி மரத்தூளையோ சாம்பலையோ தண்ணீரில் கொட்டுவார்கள். கசியும் நீரே அதை இழுத்துப் போய் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். பழைய முறை, இன்றும் வேலை செய்கிறது.

பெரும்பங்கு வருவது கண்ணுக்குத் தெரியாத வழியில். ஆற்றுநீர் வெளியே படுகைக்குள் இறங்கி, தகட்டை ஒட்டிக் கீழே போய், தகட்டின் அடிநுனியைச் சுற்றி வளைந்து, உள்ளே தரையை நோக்கி மேலேறுகிறது. அந்த மேல்நோக்கிய பயணத்தில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது.

## மணல் எப்போது கொதிக்கும்

மணல் தரை உறுதியாக இருப்பதற்குக் காரணம் அதன் எடை. ஒரு துகள் இன்னொன்றின்மேல் அழுந்தி நிற்கிறது, அந்த அழுத்தம்தான் உராய்வைத் தருகிறது. நீரில் மூழ்கிய ஒரு கனமீட்டர் மணலின் எடை, மிதப்பைக் கழித்தால், ஏறக்குறைய 1 டன். ஒரு கனமீட்டர் நீரின் எடையும் 1 டன்.

இப்போது நீர் கீழிருந்து மேலே ஓடுகிறது என்று வையுங்கள். போகிற போக்கில் அது ஒவ்வொரு துகளையும் மேலே தள்ளுகிறது. எவ்வளவு தள்ளுகிறது என்பதை நீர்ச்சரிவு என்ற ஓர் எண் சொல்லும். கடந்த பாதையில் இழந்த நீர்மட்டத்தை அந்தப் பாதையின் நீளத்தால் வகுத்தால் வருவது அது. 4 மீட்டர் மணலைக் கடக்கையில் 2 மீட்டர் மட்டம் இழந்தால் நீர்ச்சரிவு 0.5. அப்போது ஒரு கனமீட்டர் மணலின்மீது அரை டன் மேல்நோக்கித் தள்ளும், மணலின் எடையில் பாதி போய்விடும்.

சரிவு 1-ஐ நெருங்கினால் மணலுக்கு எடையே இல்லை. துகள்களுக்கு இடையே பிடிப்பும் இல்லை. தரை குழம்புபோல ஆகி, அங்கங்கே குமிழியிட்டுக் கொதிக்கும். நிற்பவர் கால் புதையும். இதைத்தான் மணல் கொதிப்பு என்கிறோம். மணலின் அடர்த்தியைப் பொறுத்து இந்த எல்லை 0.9 முதல் 1.1 வரை மாறும். 1 என்று வைத்துக்கொண்டால் கணக்குக்குப் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த எண்ணில் மணலின் கசிவுத்திறன் எங்குமே வரவில்லை. ஒரே சீரான படுகையாக இருந்தால், மணல் நயமாக இருந்தாலும் பருமனாக இருந்தாலும் நீர்ச்சரிவு ஒன்றுதான். அதாவது, உள்ளே குறைவாகத் தண்ணீர் வருகிறது என்பதால் அடைப்பு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. எவ்வளவு வருகிறது என்பது பம்பின் கவலை. எந்த நீர்ச்சரிவில், எதைச் சுமந்துகொண்டு வருகிறது என்பதுதான் உயிரின் கவலை.

இந்த அறிவு எளிதில் வந்ததல்ல. கங்கையில் நரோரா அணைக்கட்டு 1898-இல் அடிக்கசிவால் உடைந்தது. அதன்பிறகு வந்த பிளை என்ற பொறியாளர், கட்டுமானத்தின் அடியை ஒட்டி நீர் போகும் மொத்தப் பாதையும் போதிய நீளம் இருந்தால் போதும் என்றார். கிடைப்பாதையும் செங்குத்துப் பாதையும் அவர் கணக்கில் சமம். 1922-இல் மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி, தகட்டின் உட்புறத்தில், அது புதைந்த ஆழத்தில் பாதி அகலமுள்ள மணல் கட்டியே மொத்தமாகத் தூக்கப்படுகிறது என்று காட்டினார். பஞ்சாபின் கால்வாய்களில் பிளையின் கணக்குப்படி கட்டியவை தொல்லை கொடுத்ததை ஆராய்ந்த பொறியாளர் கோஸ்லா 1936-இல் சொன்னது இன்னும் கூர்மையானது: மொத்தப் பாதையைவிட, நீர் வெளியேறும் இடத்தில் இருக்கும் சரிவுதான் தீர்மானிக்கிறது, அங்கே செங்குத்தாக ஒரு தடுப்பு கட்டாயம் இருந்தாக வேண்டும். அணைக்கட்டுகளுக்காகச் சொன்ன அந்த உண்மை காஃபர்டேமுக்கு அப்படியே பொருந்துகிறது.

## தகடு எவ்வளவு ஆழம் போக வேண்டும்

நம் கணக்குக்கு வருவோம். தோண்டிய தரைக்குக் கீழே தகடு எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் புதைவு என்று சொல்வோம். நீர் தகட்டை ஒட்டிப் போகும் பாதை: வெளியே படுகையிலிருந்து தோண்டிய மட்டம் வரை 3 மீட்டர், அங்கிருந்து நுனி வரை ஒரு புதைவு, திரும்ப மேலேற இன்னொரு புதைவு.

முதல் முயற்சி: புதைவு 3 மீட்டர். பாதை 3 + 3 + 3 = 9 மீட்டர். 5-ஐ 9-ஆல் வகுத்தால் 0.56. எல்லை 1, அதை இந்தச் சரிவால் வகுத்தால் வரும் பாதுகாப்புக் காரணி 1.8. நன்றாகத்தானே இருக்கிறது?

இல்லை. இந்தக் கணக்கு நீண்ட ஒற்றைச் சுவருக்கானது. நம்மிடம் இருப்பது நான்கு பக்கமும் மூடிய பெட்டி. வெளியே இருந்து நீர் பரந்த இடத்திலிருந்து தாராளமாக வந்து சேர்கிறது, அங்கே அதிகம் மட்டம் இழப்பதில்லை. உள்ளே நான்கு பக்க நீரும் ஒரு சிறிய தரை வழியாக நெருக்கியடித்து ஏற வேண்டும். எனவே இழப்பின் பெரும்பங்கு உள்ளேதான் நடக்கும். மூலையில் இன்னும் மோசம், அங்கே இரண்டு சுவர்களைச் சுற்றி வரும் நீர் ஒரே இடத்தில் ஏறுகிறது. சதுர அடைப்புக்கு வடிவமைப்புக் கையேடுகளில் வழங்கும் திருத்தம், பக்கங்களின் நடுவில் 1.3 மடங்கு, மூலைகளில் 1.7 மடங்கு. நம்முடைய செவ்வகத்துக்கும் அதையே தோராயமாக வைத்துப் பார்ப்போம்.

1. பக்க நடுவில்: 0.56 × 1.3 = 0.72. காரணி 1.4 அளவுக்கு இறங்கிவிட்டது.
2. மூலையில்: 0.56 × 1.7 = 0.94. காரணி 1.06. ஆறு ஓர் அடி ஏறினாலே எல்லைக்கு வந்துவிடும்.

காகிதத்தில் 1.8 என்று இருந்த அடைப்பு மூலையில் கொதிக்கும் நிலையில் நிற்கிறது. கொதிப்பு ஏன் பெரும்பாலும் மூலையில் தொடங்குகிறது என்பதற்கு விளக்கம் இதுதான்.

இரண்டாம் முயற்சி: புதைவு 6 மீட்டர். பாதை 3 + 6 + 6 = 15. சரிவு 0.33. மூலையில் 1.7 மடங்காக 0.57, காரணி 1.76. தகட்டின் மொத்த நீளம்: நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர், நீரில் 2, தோண்டும் ஆழம் 3, புதைவு 6, ஆக 12 மீட்டர். மூலைத் திருத்தத்துக்குப் பிறகும் குறைந்தது 1.5 இருக்க வேண்டும் என்பது பொதுவாக வைக்கப்படும் அளவுகோல். அந்த வகையில் இது ஏற்கத்தக்கது.

தோண்டும் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு மணலுக்குள் மறைந்து நிற்க வேண்டியிருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இது வீண்செலவாகத் தோன்றுவது இயல்பு. ஒப்பந்தத் தொகை நெருக்கும்போது முதலில் வெட்டத் தோன்றுவதும் இந்தப் பகுதிதான். நான் பார்த்தவரை அதைவிட ஆபத்தான சிக்கனம் இந்த வேலையில் இல்லை.

## எவ்வளவு தண்ணீர் வரும்

நடுத்தர மணலின் கசிவுத்திறன் நொடிக்கு 0.0003 மீட்டர் என்று வைப்போம். சராசரிச் சரிவு 0.4, பரப்பு 96 சதுர மீட்டர். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 11.5 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை 17 நிமிடத்தில் நிரப்பும் அளவு. ஒரு சாதாரண பம்பு இதை இறைத்துவிடும்.

ஆனால் இதே படுகையில் பருமணல் பட்டை ஒன்று இருந்தால் கசிவுத்திறன் எளிதாக மூன்று மடங்காகும். கசிவுத்திறனைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பதால், கணக்கில் வந்ததைவிட இரு மடங்கு பம்பும், தனி டீசல் இயந்திரத்தில் ஓடும் மாற்று பம்பும் வைத்திருப்பதே முறை. மின்சாரம் போனால் மெதுவாக நீர் ஏறும், அதனால் பெரிய கேடில்லை. மின்சாரம் வந்தவுடன் அவசரமாக இறைப்பதுதான் கேடு.

இறைக்கும் குழி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூலையில் தகட்டை ஒட்டிக் குழி தோண்டுவது வசதிதான். ஆனால் ஏற்கெனவே பலவீனமான இடத்தில் இன்னும் அரை மீட்டர் ஆழமாக்கி, புதைவையும் குறைக்கிறோம். குழி தகட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதைச் சுற்றிச் சல்லியும் பருமணலும் வடிகட்டிபோல இருக்க வேண்டும். பம்பு தண்ணீரை எடுக்கலாம், மணலை எடுக்கக் கூடாது.

## கசிவு, சுவரின் காலையும் தளர்த்தும்

கசிவைத் தனிக் கணக்காகவும், சுவரின் உறுதியைத் தனிக் கணக்காகவும் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே மணலை நம்பியிருக்கின்றன.

உள்ளே நீர் இல்லாதபோது, வெளியிலிருந்து சுவரின்மேல் வரும் தள்ளுதலைத் தோராயமாகப் பார்ப்போம். 5 மீட்டர் நீர் ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு 12.5 டன் தருகிறது. 3 மீட்டர் மூழ்கிய மணல் 1.5 டன் தருகிறது. ஆக 14 டன். 12 மீட்டர் நீளப் பக்கத்துக்கு 168 டன். இதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

இதை எதிர்த்து நிற்பவை இரண்டு. மேலே, சுவரை ஒட்டிக் கிடையாகச் சுற்றிவரும் எஃகு உத்தரங்களும், அவற்றுக்கு எதிரெதிராக முட்டுக்கொடுக்கும் குறுக்குத் தண்டுகளும். கீழே, தகட்டின் காலை உட்புறமிருந்து தாங்கும் மணல்.

அந்த உட்புற மணலின் வழியாகத்தான் நீர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. சரிவு 0.4 என்றால் மணலின் எடையில் 60 சதவீதமே மிச்சம், அது தரும் எதிர்ப்பும் 60 சதவீதம்தான். 6 மீட்டர் புதைவில், ஒரு மீட்டர் நீளத்துக்கு 54 டன் இருந்திருக்க வேண்டிய எதிர்ப்பு 32 டன்னாகிறது. பரவாயில்லை, போதும். ஆனால் முதல் முயற்சியின் 3 மீட்டர் புதைவில், மூலைச் சரிவு 0.94-இல், 13.5 டன் தர வேண்டிய மணல் ஒரு டன்கூடத் தராது. தகட்டின் கால் உள்ளே உதைக்கும். கொதிப்பு என்று தொடங்கியது சுவர் இடிவதாக முடியும். இடையில் தப்பிக்கக் கிடைப்பது நிமிடங்கள்தான்.

மேலே இருக்கும் சட்டங்களில் பலவீனம் பெரும்பாலும் தண்டில் இல்லை, தண்டும் உத்தரமும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20-ஆம் தேதி நிக்கோல் நெடுஞ்சாலையை ஒட்டிய ஆழ்தோண்டல் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அது ஆற்றுக்குள் நடந்த வேலை அல்ல, மென்களிமண் நிலத்தில் நடந்த மெட்ரோ பணி. ஆனால் அங்கே முதலில் விட்டுக்கொடுத்தது இந்தச் சந்திப்புதான். ஒரு சந்திப்பு போனதும் அதன் சுமை அடுத்ததற்குப் போய், ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. எனவே ஒரு தண்டு போனாலும் மற்றவை தாங்குமா என்று பார்ப்பது வடிவமைப்பில் இருக்க வேண்டும். சந்திப்பில் உத்தரத்தின் நடுத்தகடு நசுங்காமல் இருக்க விறைப்புத் தகடுகள் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா என்று இறைப்பதற்கு முன்பே ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

## கணக்குக்கு எட்டாத இரண்டு இடங்கள்

முதலாவது, மறைந்திருக்கும் களிமண். தோண்டிய தரைக்கு 2 மீட்டர் கீழ் வரை களிமண் அடுக்கு, அதற்கடியில் மணல் என்று வைப்போம். தகடு களிமண்ணைத் தாண்டி மணலில் நிற்கிறது. உள்ளே தரை காய்ந்து, அருமையாகத் தெரியும், கசிவே இல்லை. ஆனால் களிமண்ணின் அடிப்பரப்பில் ஆற்றின் முழு அழுத்தமும் நிற்கிறது: 5 மீட்டர் வேறுபாடும் 2 மீட்டர் தடிமனும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 7 டன். மேலே அழுத்தும் 2 மீட்டர் களிமண் 4 டன்கூட இல்லை. தரை மொத்தமாக உப்பிப் பிளக்கும். இதைச் சரிசெய்ய, அடியிலிருக்கும் மணலில் அழுத்தத்தைக் குறைக்கும் கிணறுகளை முன்கூட்டியே போட வேண்டும். அப்படி ஓர் அடுக்கு இருக்கிறது என்பது அந்தத் தூணின் இடத்திலேயே துளைபோட்டுப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்துத் தூணின் துளை போதாது, ஏனென்றால் ஆற்றுப்படுகை இருபது மீட்டருக்குள் மாறிவிடும்.

இரண்டாவது, பூட்டு கழன்ற தகடு. தகடு இறங்கும்போது கல்லிலோ, புதைந்த மரத்திலோ, பழைய பாலத்தின் அடித்தளத்திலோ மோதினால் கீழே பூட்டு விலகிவிடலாம். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் 6 மீட்டர் புதைவு என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. ஒரு தகடு மற்றவற்றைவிட இறங்க மறுப்பது, சாய்வது, பிறகு திடீரென எளிதாக இறங்குவது ஆகியவை அதற்கான அடையாளங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் இறங்கிய ஆழத்தையும் நேரத்தையும் எழுதிவைத்திருந்தால் சந்தேகத்துக்குரிய இடம் எது என்று இறைப்பதற்கு முன்பே தெரியும்.

## இறைப்பதற்கு முன் அடியை மூடுவது

தகட்டை ஆழமாக இறக்க முடியாத இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது. உள்ளே நீரை இறைக்காமல், ஆற்று மட்டத்துக்குச் சமமாகவே வைத்துக்கொண்டு, நீருக்கடியிலேயே தோண்டுவது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால் கசிவே இல்லை, கொதிப்பும் இல்லை. முட்டுச் சட்டங்களையும் அந்த நிலையிலேயே பொருத்திவிடலாம். பிறகு நீளக் குழாய் வழியாகக் கான்கிரீட்டை அடிமட்டத்தில் விடுவார்கள். குழாயின் முனை எப்போதும் புதிய கான்கிரீட்டுக்குள் மூழ்கியே இருக்கும், அதனால் சிமெண்ட் நீரில் கரைந்து போகாது. அது இறுகிய பிறகுதான் இறைப்பது.

இப்போது கேள்வி மாறுகிறது: அந்தக் கான்கிரீட் மூடியே மிதந்து எழும்புமா? மூடியின் மேற்பரப்பு, தோண்ட வேண்டிய 3 மீட்டர் மட்டத்தில் என்று வைப்போம். எடையை மட்டும் நம்பினால் தடிமன் 3.6 மீட்டர் வேண்டும், அப்போதுகூடச் சரிக்குச் சரிதான். எனவே ஆழ்துளைத் தூண்களை முன்பே போட்டுவிட்டு, மூடி அவற்றைப் பிடித்துக்கொள்ளும்படி செய்வார்கள். தடிமன் 1.5 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 6.5 டன் மேலே தள்ளும், 3.6 டன் எடை கீழே இழுக்கும். மீதி 2.9 டன். தூண்கள் நிற்கும் இடத்தைக் கழித்து, முழுப் பரப்புக்கும் ஏறக்குறைய 258 டன். 1.2 மீட்டர் விட்டமுள்ள ஆறு தூண்கள் இருந்தால் ஆளுக்கு 43 டன் இழுத்துப் பிடிக்க வேண்டும். இது முடியக்கூடியது, ஆனால் நீருக்கடியில் தூணின் மேற்பரப்பில் சேறு ஒட்டியிருந்தால் அந்தப் பிடிப்பு இல்லாமல் போகும். முக்குளிப்பவர் இறங்கித் தூணைச் சுரண்டிச் சுத்தம் செய்வது இதற்காகத்தான்.

## கொதிப்பை எப்படிக் கண்டுகொள்வது, என்ன செய்வது

பம்பு வெளியே விடும் நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிகிறதா? ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்பது பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நொடிக்கு 11.5 லிட்டர் கணக்கில் ஒரு நாளைக்கு அது ஏறத்தாழ ஒரு டன் மணல். அந்த ஒரு டன் எங்கிருந்தோ காலியாகிறது, தகட்டின் நுனியைச் சுற்றி ஒரு பொந்து உருவாகிக்கொண்டிருக்கிறது. தெளிந்த நீர் நிறைய வந்தால் செலவு, கலங்கிய நீர் கொஞ்சம் வந்தாலும் ஆபத்து.

மற்ற அறிகுறிகள்: தரையில் சிறு எரிமலைபோல மணல் வளையத்தோடு ஊற்றுக்கண் திறப்பது, வெளியே படுகையிலோ நீர்ப்பரப்பிலோ தகட்டை ஒட்டிக் குழிவது, பம்பு அதே வேகத்தில் ஓடியும் உள்மட்டம் ஏறுவது, முட்டுத்தண்டு முனகுவது.

ஊற்றுக்கண்ணைக் கண்டதும் சிமெண்ட் மூட்டையை அதன்மேல் போட்டு அடைக்கத்தான் கை போகும். அது தவறு. நீர் வெளியேற வழி அடைபட்டால் அழுத்தம் பக்கத்தில் இன்னொரு இடத்தைத் திறக்கும். செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

1. ஆட்களை மேலே ஏற்றுங்கள்.
2. கண் சிறியதாக இருந்தால் அதன்மேல் முதலில் பருமணல், அதற்குமேல் சிறுசல்லி, அதற்கும் மேல் பெரிய சல்லி என்று அடுக்கடுக்காகக் கொட்டுங்கள். நீர் வடிந்து வரும், மணல் வராது, எடையும் கூடும்.
3. கண் பெரிதாகிக்கொண்டே போனால் பம்பை நிறுத்துங்கள். உள்ளே நீரை விடுங்கள்.

மூன்றாவதுதான் மனித இயல்புக்கு எதிரானது. வாரக்கணக்கில் இறைத்த இடத்தை நாமே நிரப்ப வேண்டும். ஆனால் உள்ளே ஒரு மீட்டர் நீர் ஏறினால் 5 மீட்டர் வேறுபாடு 4 ஆகிறது, சரிவு ஐந்தில் ஒரு பங்கு உடனே குறைகிறது. பெரிய பம்பு போட்டால் நடப்பது இதற்கு நேர்மாறு.

## ஆறு சும்மா இருக்காது

அடைப்பு ஆற்றின் அகலத்தைக் குறைக்கிறது. ஒதுங்கிப் போகும் நீர், நீரோட்டத்தை எதிர்கொள்ளும் மேல்பக்க மூலைகளைச் சுற்றி வேகமெடுத்துப் படுகையை அரிக்கும். அங்கே ஒன்றரை மீட்டர் போனால் கசிவுப்பாதையும் அவ்வளவு குறையும். ஒரு பக்கம் மண் இல்லாமல் மறுபக்கம் மண் அழுத்துவதால் பெட்டி சாயவும் செய்யும். எனவே தினமும் வெளிமூலைகளில் ஆழக்கோல் விட்டு அளந்து, குறையும் இடத்தில் கல்மூட்டை இறக்குவார்கள்.

கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். மேட்டூரில் உபரி வந்தால் முக்கொம்பில் அது கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். டெல்டாப் பாசனத்துக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்னான கோடை மாதங்களே ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்யக் கிடைக்கும் காலம். ஒரு தகடு கல்லில் முட்டி இரண்டு வாரம் போனால், ஒரு பருவமே போகக் காரணம் இதுதான்.

எதிர்பாராமல் நீர் ஏறினால், வடிவமைத்த மட்டத்தைத் தாண்டுவதற்குமுன் அடைப்பு தானாகவே நிரம்பிவிடும்படி தகட்டில் துவாரங்கள் வெட்டி வைப்பது நல்ல வழக்கம். நம் கணக்கில் நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் தகடு இருந்தாலும், படுகையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் துவாரம் வைத்தால் போதும். வெள்ளம் அதை எட்டியதும் உள்ளே புகுந்து இருபுறமும் சமமாகும். நனைந்த கம்பிக்கட்டைத் திரும்பச் சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆகலாம், ஆனால் சுவர் நிற்கும்.

பிரிக்கும்போதும் இதே தர்க்கம். பைல் கேப்புக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட இடத்தை மணலாலும் மெல்லிய கான்கிரீட் பட்டையாலும் நிரப்பிய பிறகே கீழ்ச் சட்டத்தைக் கழற்றலாம், ஏனென்றால் அதன் சுமையை அந்தப் பட்டை ஏற்றுக்கொள்கிறது. தூண் நீர்மட்டத்துக்கு மேல் வந்ததும், மெதுவாக நீரை உள்ளே விட்டு, ஆற்று மட்டத்துக்குச் சமமாக்கி, அதன்பிறகு மேல்சட்டத்தை எடுத்து, கடைசியாகத் தகடுகளைப் பிடுங்குவார்கள். அரிப்பு அதிகமுள்ள மேல்பக்கத்தில் மட்டும் சில இடங்களில் தகட்டைப் படுகை மட்டத்தில் அறுத்து, மீதியைத் தூணுக்குக் காவலாக மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு.